ஜே வளைவா, எஸ் வளைவா? தாங்குதிறனை எங்கே பார்ப்பது? – பிளஸ் டூ மாணவர்கள் கேட்ட கேள்விகள்

தர்மபுரியில் பிளஸ் டூ விலங்கியல் டியூஷன் எடுக்கிறேன். பென்னாகரம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் இனத்தொகை வளர்ச்சிப் பாடத்தில் வருஷா வருஷம் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். சூத்திரம் மனப்பாடமாக இருக்கிறது. வரைபடத்தைப் படிக்கச் சொன்னால் கை நிற்கிறது. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

சார், மேலே ஏறிக்கிட்டே இருந்தா எக்ஸ்பொனென்ஷியல், ஏறிப்போய் படுத்துட்டா லாஜிஸ்டிக். இவ்வளவுதானே?

வளைவு முழுசாகக் கண்ணுக்கு முன்னால் இருந்தால் இவ்வளவுதான். ஆனால் கேள்வி கேட்பவர்கள் முழு வளைவையும் தருவதில்லை. பாதியில் வெட்டித் தருவார்கள், இல்லாவிட்டால் ஐந்தாறு எண்களை மட்டும் தருவார்கள். எஸ் வடிவ லாஜிஸ்டிக் வளைவின் அடிப்பகுதியைத் தனியாக வெட்டி எடுத்தால் அது அச்சு அசலாக எக்ஸ்பொனென்ஷியலின் ஜே மாதிரியே இருக்கும். வடிவத்தை மட்டும் நம்பினால் அங்கே ஏமாந்துபோவோம்.

பார்க்க வேண்டியது மடங்கு. சமமான இடைவெளிகளில் எண்ணிக்கை எத்தனை மடங்காகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் அதே மடங்கு வந்தால் எக்ஸ்பொனென்ஷியல். எண்ணிக்கை கூடக் கூட மடங்கு இறங்கிக்கொண்டே வந்து 1-ஐ நெருங்கினால் லாஜிஸ்டிக்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் என் சின்னம்மா வீட்டில் மாட்டுக்கு அசோலா வளர்க்கிறார்கள். வேப்பமரத்து நிழலில் குழி வெட்டி, சில்பாலின் ஷீட் விரித்து, சலித்த மண்ணும் சாணிக் கரைசலும் போட்டுத் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். முதல்முறை இரண்டு கை அசோலாவைத் தூவியபோது நானும் இருந்தேன். முதல் வாரம் தண்ணீர்தான் தெரிந்தது, பச்சை அங்கங்கே திட்டுத் திட்டாக இருந்தது. "இது வளருமாடா?" என்று சின்னம்மா என்னைக் கேட்டார். அடுத்த வாரம் பாதித் தொட்டி மூடியிருந்தது. அப்புறம் மூன்று நான்கு நாளிலேயே தண்ணீர் தெரியாதபடி முழுசும் பச்சை. சின்னம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். ஆனால் செடி வேகத்தைக் கூட்டவே இல்லை. முதல் வாரமும் இதே மாதிரி இரட்டித்துக்கொண்டுதான் இருந்தது. கையளவு இரட்டித்தால் கண்ணுக்குத் தெரியாது, பாதித் தொட்டி இரட்டித்தால் தொட்டி நிறைந்துவிடும். எண்ணிக்கையின் ஏற்றம் கண்ணை ஏமாற்றும், மடங்கு ஏமாற்றாது.

கொடுத்திருப்பது வெறும் அட்டவணை. எதை எதால் வகுக்கணும்?

உண்மையான அளவீடு ஒன்றை வைத்தே செய்து பார்ப்போம். 1913-ல் டோர் கார்ல்சன் என்பவர் ஒரு வளர்ப்புக் கரைசலில் ஈஸ்ட் எவ்வளவு பெருகுகிறது என்று மணிக்கு மணி அளந்தார். பிற்பாடு ரேமண்ட் பேர்ல் அந்த எண்களை லாஜிஸ்டிக் வளைவுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டினார். இன்றைக்கும் பாடம் நடத்த அதைவிடத் தெளிவான அட்டவணை எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மணிக்கு ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

| மணி | ஈஸ்ட் அளவு | முந்தையதைப் போல் எத்தனை மடங்கு |
|---|---|---|
| 0 | 9.6 | – |
| 2 | 29.0 | 3.02 |
| 4 | 71.1 | 2.45 |
| 6 | 174.6 | 2.46 |
| 8 | 350.7 | 2.01 |
| 10 | 513.3 | 1.46 |
| 12 | 594.8 | 1.16 |
| 14 | 640.8 | 1.08 |
| 16 | 655.9 | 1.02 |
| 18 | 661.8 | 1.01 |

மூன்றாவது பத்தியை நான் போட்டேன். ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணால் வகுத்ததுதான், வேறொன்றுமில்லை. 3-ல் தொடங்கி 1.01-க்கு இறங்குகிறது. வரைபடமே போடாமல் லாஜிஸ்டிக் என்று எழுதிவிடலாம்.

பிள்ளைகள் இங்கே செய்யும் தவறு, வகுப்பதற்குப் பதிலாகக் கழிப்பது. 29-லிருந்து 71.1-க்கு 42 கூடியது, 71.1-லிருந்து 174.6-க்கு 103 கூடியது, அடுத்து 176 கூடியது. "கூடுதல் ஏறிக்கொண்டே போகிறது, ஆகவே எக்ஸ்பொனென்ஷியல்" என்று எழுதிவிடுகிறார்கள். லாஜிஸ்டிக் வளர்ச்சியிலும் பாதி வழி வரைக்கும் கூடுதல் ஏறத்தான் செய்யும். கழித்துப் பார்த்தால் முதல் பாதியில் இரண்டையும் பிரிக்க முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இடைவெளிகள் சமமாக இருந்தால்தான் இந்த வகுத்தல் செல்லும். 0, 2, 4, 8, 12 என்று மணிகள் கொடுத்திருந்தால், 4 மணி நேர மடங்கையும் 2 மணி நேர மடங்கையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. முதலில் இடைவெளியைப் பாருங்கள், பிறகு வகுங்கள்.

2-ஆம் மணியிலிருந்து 6-ஆம் மணி வரைக்கும் மடங்கு 2.45, 2.46 என்று ஒரே மாதிரி இருக்கே. அந்தத் துண்டை மட்டும் கொடுத்தா எக்ஸ்பொனென்ஷியல்னு எழுதலாமா?

எழுதலாம். அந்த மூன்று எண்களை மட்டும் பார்த்தவர்கள் வேறெதையும் சொல்ல முடியாது. ஆனால் "இந்தக் கால அளவில்" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து எழுதுங்கள்.

காரணம் சூத்திரத்திலேயே இருக்கிறது. எக்ஸ்பொனென்ஷியல் வளர்ச்சி dN/dt = rN. 1838-ல் வெர்ஹல்ஸ்ட் அதோடு ஒரு பின்னத்தைப் பெருக்கினார்:

```
dN/dt = rN × (K − N)/K
```

dN/dt மொத்தக் கூட்டம் வளரும் வேகம், N இப்போதைய எண்ணிக்கை, r தடையில்லாதபோது தலைக்கான வளர்ச்சி வீதம், K தாங்குதிறன், அதாவது அந்த இடம் நீடித்துத் தாங்கக்கூடிய எண்ணிக்கை. (K − N)/K என்பது இன்னும் காலியாக இருக்கும் இடத்தின் பங்கு. இந்த ஈஸ்ட்டுக்கு K சுமார் 664 (அது எப்படி என்று கீழே வருகிறது). N = 29 ஆக இருக்கும்போது பின்னம் 0.96. N = 71 ஆகும்போது 0.89. கிட்டத்தட்ட ஒன்று, அதனால் இரண்டு சூத்திரமும் ஏறக்குறைய ஒரே விடையைத் தருகின்றன. N = 175 ஆகும்போதுதான் அது 0.74-க்கு இறங்கி, வித்தியாசம் நன்றாகத் தெரிய ஆரம்பிக்கிறது. அடுத்தடுத்த இரண்டு மடங்கும் 2.45 என்று ஒத்துப்போனதில் அளவீட்டின் ஏற்ற இறக்கத்துக்கும் பங்கு உண்டு. லாஜிஸ்டிக் கணக்குப்படி அதற்குள்ளேயே கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும்.

ஆறாம் மணியோடு அளப்பதை நிறுத்திவிட்டு, "இதே மடங்கில் போகும்" என்று ஒருவர் கணக்குப் போட்டிருந்தால், 18-ஆம் மணிக்கு ஏறத்தாழ 37,800 என்று சொல்லியிருப்பார். உண்மையில் இருந்தது 661.8. அதனால்தான் துண்டு வளைவைப் பார்த்தால் அவசரப்படாதீர்கள் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

K-ஐ வரைபடத்தில் எங்கே பார்க்கணும்? கடைசி எண்தானே K?

வளைவு படுத்த உயரத்தில் ஒரு கிடைக்கோடு போட்டு, அது செங்குத்து அச்சை எங்கே தொடுகிறது என்று படியுங்கள். K என்பது எண்ணிக்கை, நேரமல்ல. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் வளைவு படுக்கும் இடத்திலிருந்து கீழே கோடு இறக்கி, "K = 16" என்று எழுதிவிடுகிறார்கள். 16 என்பது மணி. அச்சில் "ஆயிரத்தில்" என்று சின்னதாகப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 6.6 என்று படித்து அப்படியே எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

கடைசி எண் K-க்குப் பக்கத்தில் இருக்கும். அதுவே K ஆகிவிடாது. கார்ல்சனின் கடைசி மூன்று மணிகளில் கூடியது 4.8, 3.7, 2.2. குறைகிறது, ஆனால் நிற்கவில்லை. ஆகவே K 661.8-ஐவிடக் கொஞ்சம் மேலே, 665 அளவில் இருக்க வேண்டும். 0, 9, 18-ஆம் மணி எண்களை மட்டும் வைத்து லாஜிஸ்டிக் சமன்பாட்டைத் தீர்த்துப் பார்த்தேன், 664 வந்தது.

எண்கள் K-ஐச் சுற்றி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தால் உச்சத்தை எடுக்காதீர்கள், ஆட்டத்துக்கு நடுவே கோடு போடுங்கள்.

வளைவு படுக்கிறதுக்கு முன்னாடியே வரைபடம் முடிஞ்சிருச்சு. அப்ப K-ஐக் கண்டுபிடிக்கவே முடியாதா?

முடியும், இரண்டு வழி இருக்கிறது. எளிதானதை முதலில் சொல்கிறேன்.

லாஜிஸ்டிக் வளைவு மிகச் செங்குத்தாக ஏறும் இடம் சரியாக K-யின் பாதி. அந்தப் புள்ளிக்கு முன்னால் வளைவு கிண்ணம் மாதிரி மேல்நோக்கி வளையும், அதற்கு அப்புறம் கவிழ்த்த கிண்ணம் மாதிரி. வளைவு திரும்பும் அந்தப் புள்ளியின் உயரத்தைப் படித்து இரண்டால் பெருக்கினால் K.

ஈஸ்ட்டில் மணிக்கு மணி கூடியதைப் பாருங்கள்: 6-லிருந்து 7-க்குள் 82.7, 7-லிருந்து 8-க்குள் 93.4, 8-லிருந்து 9-க்குள் 90.3. உச்சம் 8-ஆம் மணிக்குச் சற்று முன்னால். 7-ஆம் மணிக்கு அளவு 257.3, 8-ஆம் மணிக்கு 350.7. உச்சத்தின் இடத்தைச் சரியாகக் கணித்தால் 330 வருகிறது, அதை இரட்டித்தால் 660. ஒன்பதாம் மணிக்கு மேல் ஒரு எண்கூடத் தெரியாமலேயே 664-க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

ஆனால் கரடுமுரடாகச் செய்தால் கரடுமுரடான விடைதான் வரும். 7-க்கும் 8-க்கும் நடுவே 304 என்று எடுத்து இரட்டித்தால் 608. 8-க்கும் 9-க்கும் நடுவே 396 என்று எடுத்தால் 792. எந்த முறையில் எடுத்தீர்கள் என்பதையும் விடையோடு எழுதிவிடுங்கள்.

இரண்டாவது வழி, தலைக்கு எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பது. ஒரு மணியில் கூடியதை, அந்த மணியின் சராசரி அளவால் வகுக்க வேண்டும். 4-லிருந்து 5-க்குள் 71.1 ஆக இருந்தது 119.1 ஆனது. கூடியது 48.0, சராசரி 95.1, தலைக்கு 0.505. 9-லிருந்து 10-க்குள் 441.0 ஆக இருந்தது 513.3 ஆனது. கூடியது 72.3, சராசரி 477, தலைக்கு 0.152.

இப்போது ஒரு வரைபடத்தில் கிடை அச்சில் N, செங்குத்து அச்சில் தலைக்கான வளர்ச்சி. இந்த இரண்டு புள்ளியையும் வைத்து ஸ்கேல் போட்டு இணையுங்கள். கோடு வலப்பக்கம் இறங்கிப்போய்க் கிடை அச்சைத் தொடும் இடம் K. எனக்கு 641 வந்தது. கோட்டை இடப்பக்கம் நீட்டினால் செங்குத்து அச்சைத் தொடும் இடம் r, இங்கே சுமார் 0.59.

இரண்டு புள்ளியோடு நிறுத்தினால் ஆபத்து. 5–6 மணியையும் 8–9 மணியையும் எடுத்துக் கோடு போட்டால் K 775 வரை போகிறது. அளவீட்டில் இருக்கும் சின்னச் சின்னப் பிசகுகள் கோட்டைச் சாய்த்துவிடும். இருக்கிற எல்லாப் புள்ளியையும் வைத்து, நடுவே ஓடுகிற மாதிரி கோடு போடுங்கள்.

இந்த வரைபடத்தில் எக்ஸ்பொனென்ஷியல் எப்படித் தெரியும் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவேன். கோடு இறங்கவே இறங்காது, கிடையாக ஓடும், அச்சைத் தொடாது. தொடாததால் K இல்லை. என்னைக் கேட்டால் ஜே, எஸ் என்று வடிவம் வரைவதைவிட இந்த வரைபடம் எவ்வளவோ மேல். பாடப்புத்தகத்தில் இதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

K/2-ல வளர்ச்சி அதிகம்னா, அங்கேதான் r-உம் அதிகமா?

இல்லை. மூன்று விஷயங்களை ஒன்றாகக் கலப்பதால் வரும் குழப்பம் இது. r மாறாத எண், வளைவு முழுக்க ஒன்றேதான். தலைக்கான வளர்ச்சி கூட்டம் மிகக் குறைவாக இருக்கும்போது அதிகம், பிறகு இறங்கிக்கொண்டே போய் K-யில் பூஜ்யமாகும். மொத்தக் கூட்டத்தின் வளர்ச்சி, அதாவது dN/dt, தலைக்கான வளர்ச்சியையும் தலைகளின் எண்ணிக்கையையும் பெருக்கியது. ஒன்று இறங்க, மற்றொன்று ஏற, பெருக்கல் நடுவில் உச்சம் தொடுகிறது. அந்த நடுதான் K/2.

சின்னம்மாவின் தொட்டியைத் திரும்பவும் நினைத்துப் பாருங்கள். முழுசும் மூடிய பிறகு ஊருக்குப் போன இடத்தில் ஒரு வாரம் தங்கிவிட்டார்கள், யாரும் அசோலாவை அள்ளவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அளவு கூடவில்லை. மேலே செடிமேல் செடி ஏறிக் கிடந்தது, அடியில் இருந்தவை பழுப்பாகி அழுகியிருந்தன. இப்போது தினமும் ஜல்லடையில் அள்ளி, கழுவி, தவிட்டோடு கலந்து மாட்டுக்கு வைக்கிறார்கள். தொட்டியில் எப்போதும் அங்கங்கே தண்ணீர் தெரியும்படி விடுகிறார்கள். அள்ளிய இடம் மறுநாளே மூட ஆரம்பிக்கிறது. K-க்குப் பக்கத்தில் நின்றுபோன கூட்டத்தை அள்ளி அள்ளி நடுப்பகுதிக்கு இறக்கி வைத்திருக்கிறார்கள், அதனால் தினமும் கிடைக்கும் விளைச்சல் கூடியிருக்கிறது. சூத்திரம் தெரியாமலேயே சரியாகச் செய்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும்: அசோலா சிவந்துபோய் வளராமல் நின்றால் அதுவும் K-யா? தொட்டியில் இடம் காலியாக இருக்கும்போதே சிவந்தால் பெரும்பாலும் பாஸ்பரஸ் பற்றாக்குறை, அல்லது வெயிலோ குளிரோ அதிகம். அசோலாவின் இலைக்குள் வாழும் அனபீனா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தந்துவிடும், பாஸ்பரஸைத் தர அதனால் முடியாது. கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் போட்டதும் மறுபடி வளர்ந்தால், தடையாக இருந்தது இடமல்ல, சத்துதான் என்று தெரிந்துகொள்ளலாம். எது முதலில் தீர்கிறதோ அதுதான் K-ஐத் தீர்மானிக்கும். ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை குறைவதும், அது வெளியிடும் ஆல்கஹால் சேர்வதும் சேர்ந்து தடுத்தன.

செங்குத்து அச்சில் 1, 10, 100, 1000 என்று இருக்கு. கோடு நேராப் போகுது. இது எது?

எக்ஸ்பொனென்ஷியல். அது மடக்கை அச்சு, ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. அந்த அச்சில் ஒரே மடங்கில் வளர்வது நேர்கோடாகத் தெரியும், லாஜிஸ்டிக் தொடக்கத்திலிருந்தே மெல்லச் சாய்ந்து படுக்கும். சாதாரண அச்சில் நேர்கோடு என்றால் அது இரண்டுமே இல்லை, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு கூடுகிறது. எந்தக் கேள்வியிலும் முதலில் அச்சைப் படியுங்கள்.

எண்ணிக்கை K-ஐத் தாண்ட முடியுமா? தாண்டினா என்ன ஆகும்?

தாண்டும். சூத்திரத்தில் N, K-ஐவிடப் பெரிதானால் (K − N) குறை எண்ணாகும், dN/dt-யும் குறை எண்ணாகும், கூட்டம் K-ஐ நோக்கி இறங்கும். தேர்வுக்கு இது போதும். உண்மை உலகில் இறக்கம் இவ்வளவு அமைதியாக நடப்பதில்லை.

பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்று ஆளில்லாத தீவு ஒன்று இருக்கிறது. 1944-ல் அங்கே 29 ரெயின்டீர் மான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். வேட்டையாட ஓநாய் இல்லை, தின்ன லைக்கன் தரை முழுக்க இருந்தது. 1957-ல் சுமார் 1,350. 1963-ல் சுமார் 6,000. 1966-ல் எண்ணிப் பார்த்தபோது 42.

நாம் படித்தபடி மடங்கைப் போட்டுப் பார்ப்போம். இடைவெளிகள் சமமில்லை, அதனால் ஆண்டுக் கணக்காக மாற்ற வேண்டும். முதல் 13 ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 1.34 மடங்கு. அடுத்த 6 ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 1.28 மடங்கு. கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது, 1-ஐ நெருங்கவே இல்லை. அதாவது வளைவு படுக்கவில்லை, ஏறிய வேகத்திலேயே போய் ஒடிந்து விழுந்தது.

ஏன் படுக்கவில்லை? லாஜிஸ்டிக் சூத்திரம், கூட்டம் பெருகியதன் வலி அந்த நொடியே பிறப்பிலும் இறப்பிலும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறது. இந்த மான்களுக்கு அப்படித் தெரியவில்லை. லைக்கன் மிக மெதுவாக வளர்வது, பல ஆண்டுகளாகச் சேர்ந்து கிடந்ததை அவை தின்றுகொண்டிருந்தன. சேமிப்பு இருக்கும் வரை பசி தெரியாது. சேமிப்பு தீர்ந்த நேரத்தில் 1963–64 குளிர்காலமும் கடுமையாக வந்தது.

இந்த வரைபடத்தைக் கொடுத்து K கேட்டால் 6,000 என்று எழுதிவிடாதீர்கள். 6,000 உச்சம். அந்தத் தீவு வருஷா வருஷம் தாங்கக்கூடியது அதைவிட மிகக் குறைவு என்பதைத்தான் வீழ்ச்சி சொல்கிறது. வளைவு எங்கேயாவது படுத்துச் சில காலம் நின்றால்தான் அந்த உயரத்தை K என்று படிக்க முடியும்.

எங்க ஊர் ஏரியிலே மீன் விடுறாங்க. அதுக்கு K போட்டு லாஜிஸ்டிக் வரையலாமா?

எந்த மீன் என்று முதலில் கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டவன் கிருஷ்ணகிரி பக்கத்துப் பையன், அவன் ஊர் ஏரியில் குஞ்சு விடுவது கட்லா, ரோகு. அவை ஓடும் ஆற்றில் வெள்ளக் காலத்தில் முட்டையிடும், தேங்கிய ஏரியில் இனப்பெருக்கம் செய்யாது. குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் ஹார்மோன் ஊசி போட்டு உண்டாக்கிக் கொண்டுவருகிறார்கள். ஏரியில் விட்ட நாளிலிருந்து அவற்றின் எண்ணிக்கை குறையத்தான் செய்யும், எடைதான் கூடும். பிறப்பே இல்லாத கூட்டத்துக்கு r எங்கே, லாஜிஸ்டிக் எங்கே?

அதே ஏரியில் ஜிலேபி மீன் இருந்தால் கதை வேறு. அது தேங்கிய தண்ணீரிலேயே குஞ்சு பொரிக்கும், அதற்கு வரையலாம். ஆனால் K ஒரே கோடாக நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும், சித்திரையில் நடுவில் குட்டையாகச் சுருங்கும். தண்ணீர் சுருங்கும்போது K-யும் சுருங்கும். மழைக்காலத்தில் K-க்குக் கீழே இருந்த அதே மீன் கூட்டம், ஒரு மீன்கூடக் கூடாமலேயே கோடையில் K-க்கு மேலே போய்விடும்.

கடைசியா ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்க சார்.

சரி, அந்த ஜிலேபியையே எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக K = 500, r மாதத்துக்கு 0.1 என்று வையுங்கள். கூட்டம் 50, 250, 450, 500, 600 ஆக இருக்கும்போது dN/dt என்ன?

```
N = 50    0.1 × 50  × 450/500    = 4.5
N = 250   0.1 × 250 × 250/500    = 12.5
N = 450   0.1 × 450 × 50/500     = 4.5
N = 500   0.1 × 500 × 0          = 0
N = 600   0.1 × 600 × (−100)/500 = −12
```

250-ல் உச்சம், அது K/2. 500-ல் பூஜ்யம். 600-ல் மாதத்துக்கு 12 வீதம் குறைகிறது. இதே ஐந்துக்கும் எக்ஸ்பொனென்ஷியல் விடை 5, 25, 45, 50, 60 என்று ஏறிக்கொண்டே போகும். 50-ல் மட்டும் 5-க்கும் 4.5-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

போன மாதம் இதைப் பலகையில் எழுதியபோது, பின் வரிசையில் இருந்த ஒரு பெண், "சார், 50-லயும் 450-லயும் ஒரே 4.5 வருதே. வெறும் 4.5-ஐ மட்டும் கொடுத்தா எந்தப் பக்கம் நிற்கிறோம்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள். சொல்ல முடியாது. தலைக்கு வகுத்தால் சொல்லலாம்: 4.5-ஐ 50-ஆல் வகுத்தால் 0.09, அது r-க்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் ஏரி இன்னும் காலி. 4.5-ஐ 450-ஆல் வகுத்தால் 0.01, அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் ஏரி கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது.